டோஜி விழுந்தால் விற்கணுமா?

எங்கள் தெருமுனையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் அண்ணன், ஒரு கையில் மாத்திரை அட்டை, இன்னொரு கையில் மொபைல் என்றுதான் வியாபாரம் பார்ப்பார். இரண்டு வருடமாகப் பங்குகள் வாங்கி வைத்திருக்கிறார். போன வருடம் பிப்ரவரியில் ஒரு நாள் மாலை, இருமல் மருந்து வாங்கப் போனபோது பில் போடுவதை விட்டுவிட்டு மொபைலை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“சார், இதப் பாருங்க. டோஜி விழுந்திருக்கு. வீடியோவுல ஒருத்தர் சொன்னாரு, டோஜி வந்தா ட்ரெண்டு மாறிடுமாம். நாளைக்குக் காலையில வித்துடலாமா?”

“கொஞ்சம் பொறுங்கண்ணே, நாளைக்கு நடக்கறதையும் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்” என்றேன். அவர் பொறுக்கவில்லை. மறுநாள் காலையிலேயே விற்றுவிட்டார். மூன்று மாதம் கழித்து, மே மாதம், இன்னொரு பங்கில் இன்னொரு டோஜி வந்தது. “போன தடவையே இது நம்மள ஏமாத்திடுச்சு” என்று அதைக் கண்டுகொள்ளாமல் விட்டார். முதல் முறை அவர் விற்றிருக்க வேண்டியதில்லை. இரண்டாவது முறை கவனித்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது தவறால், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வீட்டில் ஒரு ஜோடி வளையல் அடகுக்குப் போனது.

பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி கூட்டல் குறிதான். எதை நம்புவது, எதை ஒதுக்குவது? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

நான்கு விலைகளின் கதை

பங்குச் செயலியில் சார்ட்டைத் திறந்தால் பச்சையும் சிவப்புமாக மெழுகுவத்திகள் வரிசையாக நிற்கும். தினசரி சார்ட் என்றால் ஒரு மெழுகுவத்தி ஒரு நாள். அதை விரலால் தொட்டால் மேலே O, H, L, C என்று நான்கு எழுத்துகளும் அவற்றின் பக்கத்தில் நான்கு எண்களும் தெரியும். O என்பது அன்றைய தொடக்க விலை, H உச்ச விலை, L தாழ்ந்த விலை, C முடிவு விலை.

தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே இருப்பதுதான் தடிமனான உடல். உடலுக்கு மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கோடுகள், அன்று விலை எவ்வளவு தூரம் ஏறி இறங்கிப் பார்த்தது என்பதைக் காட்டுகின்றன. அவற்றைத் திரி என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு பங்கு காலையில் 500 ரூபாயில் தொடங்குகிறது. வாங்குபவர்கள் 512 வரை தூக்குகிறார்கள். பிறகு விற்பவர்கள் கை ஓங்கி 489 வரை இறங்குகிறது. மறுபடி ஏறி, 500 ரூபாய் 50 காசில் நாள் முடிகிறது. 23 ரூபாய்க்கு ஏறி இறங்கிய பங்கு, கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது. உடல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குறுக்குக் கோடு மட்டும்தான் இருக்கும். அதுதான் டோஜி.

தொடக்கமும் முடிவும் காசு பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளியில் உடல் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தாலே பலர் டோஜி என்று எடுத்துக்கொள்கிறார்கள். இது கைக்கணக்குதான், சட்டம் இல்லை.

குறுக்குக் கோடு நடுவில் இருந்தால் கூட்டல் குறி மாதிரி இருக்கும். கோடு உச்சியில் இருந்து, திரி கீழே மட்டும் நீண்டால் தும்பி டோஜி. கோடு அடியில் இருந்து, திரி மேலே மட்டும் நீண்டால் கல்லறை டோஜி. பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஜப்பானியர்கள் வைத்த பெயர்கள் இவை. ஸ்டீவ் நிசன் என்ற அமெரிக்கர் 1991-ல் எழுதிய புத்தகத்தின் மூலம்தான் இந்த மெழுகுவத்தி முறை ஜப்பானுக்கு வெளியே பரவலானது.

டோஜி சொல்லும் செய்தி ஒன்றே ஒன்றுதான். அன்று வாங்குபவர்களும் விற்பவர்களும் கயிறு இழுத்தார்கள், யாரும் ஜெயிக்கவில்லை. நாளைக்கு யார் ஜெயிப்பார்கள் என்று அது சொல்வதே இல்லை. ‘டோஜி வந்தால் ட்ரெண்டு மாறும்’ என்பது, அதன் வாயில் நாமாகத் திணித்த வார்த்தை.

பிப்ரவரி டோஜி: ஒதுக்க வேண்டியது

அண்ணன் பிப்ரவரியில் காட்டிய பங்கு, அதற்கு முன் ஆறு வாரமாக 410-க்கும் 430-க்கும் நடுவிலேயே நடை பழகிக்கொண்டிருந்தது. 430-ஐத் தொட்டால் இறங்கும், 410-க்கு வந்தால் ஏறும். சாதாரணமாக ஒரு நாளில் 9 ரூபாய், 10 ரூபாய் ஏறி இறங்கும்.

டோஜி விழுந்த அன்று 420 ரூபாய் 10 காசில் தொடங்கி, 420-ல் முடிந்தது. உச்சம் 421.80, தாழ்வு 418.60. அதாவது நாள் முழுக்க அசைந்ததே 3 ரூபாய் 20 காசுதான். வால்யூம், அதாவது அன்று கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை, வழக்கத்தில் பாதிகூட இல்லை.

யோசித்துப் பாருங்கள். ஆறு வாரமாக எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும் பங்கு, இன்றைக்கும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிறது. இதில் புதுச் செய்தி என்ன இருக்கிறது? ட்ரெண்டு மாற வேண்டுமென்றால் முதலில் ட்ரெண்டு என்று ஒன்று இருக்க வேண்டும். பக்கவாட்டில் நகரும் பங்கில் டோஜி அடிக்கடி வரும். அது கயிறு இழுக்கும் போட்டிகூட இல்லை. இரண்டு பக்கமும் ஆளில்லாமல் கயிறு தரையில் கிடக்கிறது.

அண்ணனிடம் 150 பங்குகள் இருந்தன. 415-க்கு வாங்கியவர், 420-க்கு விற்று வெளியே வந்தார். அடுத்த மாதம் அந்தப் பங்கு 430-ஐத் தாண்டி 478 வரை போனது. “8,700 ரூபா போச்சு சார், எல்லாம் இந்த டோஜியால” என்று புலம்பினார்.

அதுவும் சரியில்லை. பங்கு ஏறியதால் டோஜி பொய் சொன்னது என்று ஆகாது. ஒருவேளை இறங்கியிருந்தால், அது உண்மை சொன்னதாகவும் ஆகியிருக்காது. அந்த இடத்தில் அந்த டோஜி எதையுமே சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத ஒன்றைக் கேட்டு அவர் விற்றதுதான் தவறு.

டோஜி மாதிரி தெரிபவை

இதே கூட்டத்தில் சேர்த்து ஒதுக்க வேண்டியவை இன்னும் சில இருக்கின்றன. இவை அடிக்கடி ஏமாற்றுபவை என்பதால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, ஐந்து நிமிட சார்ட். நம் சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை நடக்கிறது. மொத்தம் 375 நிமிடம். ஐந்து நிமிட சார்ட்டில் ஒரே நாளில் ஒரு பங்குக்கு 75 மெழுகுவத்திகள். ஐந்து நிமிடத்தில் விலை பெரிதாக நகராமல் இருப்பது வெகு சாதாரணம். அதனால் அந்த 75-ல் பல டோஜிகள் தற்செயலாகவே விழுந்துவிடும். மதிய நேரத்தில் வியாபாரம் மந்தமாகும்போது வரிசையாகக்கூட விழும். வேலைக்குப் போய்க்கொண்டு பங்கு வைத்திருப்பவர்களுக்கு தினசரி சார்ட்டும் வாரச் சார்ட்டும் போதும்.

இரண்டாவது, சர்க்யூட்டில் பூட்டிக்கொண்ட பங்கு. நேற்று 100 ரூபாயில் முடிந்த பங்குக்கு 5 சதவிகித வரம்பு என்றால், இன்று 105-க்கு மேல் போக முடியாது. நல்ல செய்தி வந்து காலையில் 105-ல் தொடங்கி, நாள் முழுக்க அதே 105-ல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு நான்குமே 105. சார்ட்டில் திரி இல்லாத ஒரு சின்னப் படுக்கைக் கோடு மட்டும் தெரியும். டோஜி பங்குகளைத் தேடித் தரும் செயலிகள் சில இதையும் டோஜி என்று பட்டியலில் போட்டுவிடும். ஆனால் இது தயக்கத்துக்கு நேர் எதிர். வாங்க எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள், விற்க ஆள் இல்லை. லோயர் சர்க்யூட்டில் இதே கோடு வந்தால், விற்க வரிசை நிற்கிறது, வாங்க ஆள் இல்லை. கோட்டைப் பார்க்காமல், முந்தைய நாள் முடிவு விலை என்ன என்று பாருங்கள். விஷயம் விளங்கிவிடும்.

மூன்றாவது, வியாபாரமே இல்லாத நாள். ஒரு நாளைக்குச் சில நூறு பங்குகள் மட்டும் கைமாறும் சின்னக் கம்பெனிகளில், நாலு பேர் வாங்கி நாலு பேர் விற்றால் அதுவே அன்றைய மெழுகுவத்தி. தீபாவளியன்று நடக்கும் முகூர்த்த வர்த்தகமும் அப்படித்தான். ஒரு மணி நேரம், நல்ல நாளில் ஒன்றிரண்டு பங்கு வாங்கி வைப்போம் என்று வருபவர்கள்தான் அதிகம். அன்றைக்கு விழும் டோஜிக்கு நீங்கள் இனிப்பு வேண்டுமானால் கொடுக்கலாம், மதிப்பு கொடுக்க வேண்டாம்.

நான்காவது, ரிசல்ட்டுக்கு முந்தைய நாள். மறுநாள் காலாண்டு முடிவு வரப்போகிறது, ரிசர்வ் வங்கி வட்டி விகிதம் அறிவிக்கப்போகிறது என்றால் பெரிய ஆட்கள் கை கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அன்று டோஜி விழுவது இயல்பு. அது தயக்கம்தான், ஆனால் எதற்காகத் தயங்குகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மறுநாள் செய்தியை வைத்துத்தான் விலை போகும், மெழுகுவத்தியை வைத்து அல்ல.

ஒரு நடைமுறை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தேசியப் பங்குச் சந்தையில் பல ஆண்டுகளாக இருந்துவரும் முறைப்படி, முடிவு விலை என்பது கடைசியாக நடந்த ஒரு வியாபாரத்தின் விலை இல்லை. கடைசி அரை மணி நேரத்தில் நடந்த வியாபாரங்களின், அளவுக்கேற்பக் கணக்கிட்ட சராசரி. அதனால் 3.30-க்குத் திரையில் டோஜியாகத் தெரிந்தது, கணக்கு முடிந்து மாலையில் பார்க்கும்போது சின்ன உடலோடு நிற்கலாம். சந்தை மூடும் நேரத்தில் பதற்றப்படாமல், ராத்திரி சாப்பிட்ட பிறகு சார்ட்டைப் பாருங்கள்.

மே டோஜி: கவனித்திருக்க வேண்டியது

இப்போது இரண்டாவது பங்குக்கு வருவோம். அண்ணனிடம் இதில் 120 பங்குகள். ஐந்து வாரத்தில் 620-லிருந்து 790 வரை ஏறியிருந்தது. பெரும்பாலான நாட்கள் நல்ல பச்சை உடல், அன்றைய உச்சத்துக்குப் பக்கத்திலேயே முடிவு. வாங்குபவர்கள் தெளிவாக ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். முந்தைய வருடம் இதே பங்கு 805 வரை போய், அங்கிருந்து திரும்பியிருந்தது.

மே மாத நடுவில் ஒரு நாள் 790-ல் தொடங்கியது. உச்சம் 808, தாழ்வு 772, முடிவு 791. அன்று அசைந்தது 36 ரூபாய், உடல் ஒரே ஒரு ரூபாய். தினமும் 4 லட்சம் பங்குகள் கைமாறும் இடத்தில் அன்று 9 லட்சம் பங்குகள் கைமாறியிருந்தன.

பிப்ரவரி டோஜியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ட்ரெண்டே இல்லை. இங்கே ஐந்து வார ஏற்றம் இருக்கிறது. அங்கே விலை வரம்பின் நடுவில் நின்றது. இங்கே போன வருடம் திரும்பிய அதே உச்சத்தில் மோதி நிற்கிறது. அங்கே யாரும் வரவில்லை. இங்கே இரண்டு மடங்குக்கு மேல் கூட்டம்.

அந்த வால்யூம்தான் முக்கியமான தகவல். ஐந்து வாரமாக வாங்குபவர்கள் தள்ளத் தள்ள விலை ஏறியது. அன்று அதைவிட அதிகமாகத் தள்ளியும் விலை ஒரு ரூபாய்தான் நகர்ந்திருக்கிறது. அப்படியென்றால் எதிர்ப்பக்கம், இவர்களுக்குச் சமமாக விற்பவர்கள் வந்து நின்றுவிட்டார்கள். போன வருடம் 800-க்குப் பக்கத்தில் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், ‘அசல் வந்தால் போதும்’ என்று இந்த விலைக்காகவே காத்திருந்திருக்கலாம். 620-ல் வாங்கியவர்கள் லாபத்தை எடுத்திருக்கலாம். காரணம் எதுவானாலும், ஒருதலைப்பட்சமாக நடந்த போட்டி அன்று சமமாகியிருக்கிறது. இது செய்தி.

சரி, அன்று ராத்திரியே விற்க முடிவெடுத்திருக்க வேண்டுமா? இல்லை. அன்று செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. டோஜியின் உச்சத்தையும் தாழ்வையும் ஒரு தாளில் எழுதி வைப்பது. 808, 772.

அடுத்த நாட்களில் 808-க்கு மேல் முடிவு விலை வந்தால், தயக்கம் தீர்ந்து வாங்குபவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று பொருள். பங்கை வைத்துக்கொள்ளலாம். 772-க்குக் கீழே முடிவு விலை வந்தால் விற்பவர்கள் ஜெயித்துவிட்டார்கள், வெளியே வந்துவிடலாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும்வரை காத்திருக்க வேண்டும். நாள் நடுவில் 771-ஐத் தொட்டுவிட்டு மேலே போனால் கணக்கில் எடுக்க வேண்டாம். முடிவு விலைதான் கணக்கு.

மறுநாள் அந்தப் பங்கு 787-ல் தொடங்கி 764-ல் முடிந்தது. 772 உடைந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் 765 ரூபாய்க்கு விற்றிருந்தால், 120 பங்குகளுக்கு 91,800 ரூபாய் வந்திருக்கும். ஜூன் முதல் வாரம் மகளுக்குக் கட்ட வேண்டிய கட்டணம் 90,000. தரகும் வரியும் போகத் தொகை ஏறக்குறைய சரியாக இருந்திருக்கும்.

அண்ணன் விற்கவில்லை. “அதே டோஜிதான சார், போன தடவ வித்ததுக்கு அப்புறம் எகிறிச்சே” என்றார். மூன்று வாரத்தில் பங்கு 690-க்கு வந்தது. கட்டணம் கட்டும் நாளில் விற்றபோது கிடைத்தது 82,800. குறைந்த 7,200 ரூபாய்க்குத்தான் வளையல் அடகுக் கடைக்குப் போனது.

உரிமையோடு அவரிடம் ஒன்று சொன்னேன். ஜூனில் கட்ட வேண்டிய பணம் மே மாதம் பங்கில் இருந்ததே முதல் தவறு. டோஜி அதற்குப் பிறகு வந்த விஷயம். அவர் மறுப்புச் சொல்லவில்லை.

2020 மார்ச் 24

“நீங்க சொல்றது ஒரு பங்குக்கு நடந்தது சார், பெருசா எங்கயாவது நடந்திருக்கா?” என்று கேட்டார். நடந்திருக்கிறது. நாம் எல்லோரும் வீட்டுக்குள் முடங்கிய அந்த மார்ச் மாதத்தில்.

2020 ஜனவரியில் 12,430 வரை போயிருந்த நிஃப்டி, கொரோனா பயத்தில் சரிந்துகொண்டே வந்தது. மார்ச் 23-ம் தேதி ஒரே நாளில் 1,135 புள்ளிகள் விழுந்து 7,610-ல் முடிந்தது. அன்று சர்க்யூட் அடித்து வர்த்தகமே சிறிது நேரம் நிறுத்தப்பட்டது.

மறுநாள், மார்ச் 24. நிஃப்டி 7,848-ல் தொடங்கியது. 8,037 வரை ஏறியது. 7,511 வரை விழுந்தது. கடைசியில் 7,801-ல் முடிந்தது. அசைந்தது 526 புள்ளிகள், உடல் வெறும் 47 புள்ளிகள். இரண்டு பக்கமும் நீண்ட திரியோடு ஒரு டோஜி. ஜனவரி உச்சத்திலிருந்து ஏறக்குறைய 40 சதவிகிதம் விழுந்த பிறகு, விற்பவர்கள் தடுமாறியிருந்தார்கள்.

அன்று ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் 21 நாள் ஊரடங்கை அறிவித்தார். அந்த டோஜியை மட்டும் பார்த்து, ‘இதுதான் அடிமட்டம்’ என்று சொல்ல யாராலும் முடிந்திருக்காது. மறுநாள் 7,511 உடைந்திருந்தால், அந்த டோஜி சரிவின் நடுவில் ஒரு மூச்சு வாங்கல் என்று மறக்கப்பட்டிருக்கும். ஆனால் 25-ம் தேதி நிஃப்டி 8,318-ல் முடிந்தது. டோஜியின் உச்சமான 8,037-க்கு மேலே. கயிறு எந்தப் பக்கம் வந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகும் நேராக ஏறிவிடவில்லை. ஏப்ரல் 3-ம் தேதி 8,084-க்கு வந்தது. 8,318-ல் வாங்கியவர், ஒன்பது நாளில் நஷ்டத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவருக்குக் கைகொடுத்தது, எழுதி வைத்த இரண்டாவது எண். 7,511 உடையாதவரை தன் கணிப்பு தப்பவில்லை என்று அவரால் பொறுத்திருக்க முடிந்தது. அந்த எண் உடையவே இல்லை.

இந்த உதாரணத்தைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடந்து முடிந்த பிறகு பார்த்தால் பெரிய திருப்பங்களில் நிற்கும் டோஜிதான் கண்ணில் படும். நல்ல ஏற்றத்தின் நடுவில் விழுந்து, மறுநாளே ஏற்றம் தொடர்ந்து, யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போன டோஜிகள் அதைவிட எத்தனையோ. உங்கள் கையில் இருக்கும் பங்கின் ஒரு வருடச் சார்ட்டைத் திறந்து, டோஜியாக இருக்கும் நாட்களையெல்லாம் எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். அரை மணி நேர வேலை. எந்த வீடியோவும் தராத தெளிவு கிடைக்கும்.

மூன்று கேள்விகள்

எனவே அடுத்த முறை டோஜியைப் பார்த்தால் இந்த மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள்.

இதற்கு முன் தெளிவான ஏற்றமோ இறக்கமோ இருந்ததா, விலை இப்போது பழைய உச்சத்திலோ பழைய அடிமட்டத்திலோ மோதி நிற்கிறதா? இல்லை என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஆம் என்றால், பக்கத்தில் இருக்கும் நாட்களோடு ஒப்பிட, அன்று உண்மையிலேயே போட்டி நடந்ததா? திரி நீளமாக, வால்யூம் வழக்கத்தைவிட அதிகமாக இருக்கிறதா? இல்லை என்றால் அது தூக்கம், தயக்கம் இல்லை.

இரண்டுக்கும் ஆம் என்றால், டோஜியின் உச்சமும் தாழ்வும் என்ன, அடுத்த நாட்களின் முடிவு விலை அதில் எதைத் தாண்டுகிறது? இந்தக் கேள்விக்கு விடை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் வேலை.

இத்தனையும் பொருந்தியும் டோஜி தவறலாம். 772 உடைந்து விற்ற பிறகு பங்கு திரும்பி ஏறியதும் உண்டு. விலை எவ்வளவு தூரம் போகும் என்றும் அது சொல்லாது. கம்பெனி நல்லதா கெட்டதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. பத்து வருடத்துக்கு வைத்திருக்கலாம் என்று யோசித்து வாங்கிய பங்கில், ஒரு நாள் டோஜிக்கு எந்த வேலையும் இல்லை.

போன வாரம் மருந்து வாங்கப் போனேன். வளையல் ஜூலையிலேயே திரும்பிவிட்டது என்று அக்கா சொன்னார். அண்ணன் கல்லாவுக்குப் பக்கத்தில், கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தேதி, பங்கின் பெயர், பக்கத்தில் இரண்டு எண்கள். அதற்குக் கீழே பேனாவால் அழுத்தி எழுதியிருந்தார்: ‘இன்னைக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம்.’